கட்டுரைத் தொகுப்பு ஆய்வேடு: மலையகத் தேயிலை ஆய்வை முன்வைத்து ஒரு மதிப்பீடு

கலாநிதிப் பட்டத்துக்காக ஓர் ஆய்வாளர் கையளிக்க வேண்டியது தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே நூலாக எழுதப்பட்ட ஆய்வேடா, அல்லது ஒரு பொது வினாவைச் சுற்றி எழுதப்பட்டு ஆய்விதழ்களில் வெளிவந்த சில கட்டுரைகளின் தொகுப்பா என்ற கேள்விக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பல விடைகள் கூறப்பட்டு வந்திருக்கின்றன. இலங்கையில் இக்கேள்வி பெரும்பாலும் ஒரு கடிதத்தின் வடிவிலேயே எழுகிறது. பதிவுசெய்து இரண்டு மூன்று ஆண்டுகள் கடந்த மாணவர் ஒருவர், தம் ஆய்வேட்டைக் கட்டுரைத் தொகுப்பாகச் சமர்ப்பிக்க அனுமதி கோரி, மேற்பார்வையாளர் ஊடாகவும் துறைத் தலைவர் ஊடாகவும் உயர்பட்டப் படிப்பு அலுவலகத்துக்கு எழுதும் விண்ணப்பம் அது. அதற்கு அளிக்கப்படும் விடை அலுவலக நடைமுறை சார்ந்ததாகத் தோன்றினாலும், ஆய்வு என்றால் என்ன, அதை யார் மதிப்பிட வேண்டும் என்ற பழைய விவாதமே அதற்குள் இருக்கிறது.

மலையகத் தேயிலை ஆய்வு இக்கேள்வியைப் பரிசீலிக்க ஏற்ற களம். 1925 இல் நிறுவப்பட்டு, தலவாக்கலையில் சென் கூம்ஸ் தோட்டத்தில் ஏறத்தாழ 1,380 மீற்றர் உயரத்தில் இயங்கிவரும் தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தின் வயல்களிலும் ஆய்வுகூடங்களிலும் நடக்கும் வேலைகள் கலாநிதி ஆய்வுகளாக வடிவம் பெறும்போது, பட்டம் வழங்கும் பொறுப்பு பல்கலைக்கழகம் ஒன்றிடமே இருக்கிறது. 1975 இல் உருவான பேராதனைப் பல்கலைக்கழக விவசாயப் பட்டமேற்படிப்பு நிறுவகம் இத்துறையில் முதன்மையானது. வயல் ஓரிடத்திலும் பட்டம் வேறோரிடத்திலும் இருக்கும் இந்த நிலை, ஆய்வேட்டின் வடிவம் குறித்த கேள்வியைக் கூர்மையாக்குகிறது.

ஒருநூல் மரபு

ஆய்வுப் பட்டமாகக் கலாநிதிப் பட்டம் முதலில் வேரூன்றியது 19ஆம் நூற்றாண்டின் ஜேர்மனியப் பல்கலைக்கழகங்களில். அங்கிருந்து அமெரிக்காவுக்குச் சென்று 1861 இல் யேல் பல்கலைக்கழகத்திலும், இங்கிலாந்தில் 1917 இல் ஒக்ஸ்போர்டிலும் அது இடம்பிடித்தது. இம்மரபில் ஆய்வேடு ஒரு தனி நூல். ஆய்வாளர் பெரியதொரு வினாவை எடுத்து, முன்னோர் எழுதியவற்றைத் திறனாய்ந்து, முறையியலை நிறுவி, முடிவுகளை ஒரே வாதமாகக் கோக்கும் ஆற்றல் உடையவரா என்பதை அந்நூல் காட்ட வேண்டும். 1942 இல் உருவான இலங்கைப் பல்கலைக்கழகம், அதற்கு முன் இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டங்களுக்கு மாணவரை ஆயத்தப்படுத்திவந்த கல்லூரியின் வழித்தோன்றல் ஆதலால், பிரித்தானிய வடிவமே இங்கும் இயல்பான வடிவமாயிற்று.

இந்நிலைப்பாட்டின் வலிமை முழுமையில் இருக்கிறது. ஆய்விதழ்க் கட்டுரை சொற்களின் எண்ணிக்கைக்கு உட்பட்டது. அதில் இடம்பெறாத மண் பகுப்பாய்வு அட்டவணைகளும் தோல்வியடைந்த பரிசோதனைகளும் கைவிடப்பட்ட கருதுகோள்களும் ஒருநூல் ஆய்வேட்டில் இடம்பெற முடியும். அடுத்த தலைமுறை ஆய்வாளருக்கு இவையே பல வேளைகளில் அதிகம் உதவுகின்றன. அதன் பலவீனமும் வெளிப்படையானது. முந்நூறு பக்க நூல் நூலகத்தில் அடுக்கப்பட்டபின் அதைத் திறப்போர் சிலரே. பட்டம் கிடைத்ததும் ஆய்வாளர் வேலைக்குச் சென்றுவிட, கட்டுரைகள் எழுதப்படாமலே போய்விடுவதும் உண்டு.

இந்த மரபு ஒருபோதும் விதிவிலக்கற்றதாக இருக்கவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். ஏற்கெனவே அச்சில் வந்திருந்த தம் நூலையே மெய்யியலாளர் விட்கென்ஸ்டைன் 1929 இல் கேம்பிரிட்ஜில் ஆய்வேடாகச் சமர்ப்பித்தார். ரசலும் மூரும் அவரைப் பரீட்சித்தனர். 1966 இல் அதே பல்கலைக்கழகம், வெளியான ஆக்கங்களை அடிப்படையாகக் கொண்டு தன் பழைய மாணவர்கள் கலாநிதிப் பட்டம் பெறுவதற்கு விதி வகுத்தது. ஆனால் இது முடிந்துவிட்ட வேலைக்கான பின்னோக்கிய அங்கீகாரம். மாணவராகப் பதிவுசெய்து, பட்டத்துக்காகவே கட்டுரைகளை எழுதித் தொகுப்பது இதனின்று வேறுபட்டது. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதால் எழும் குழப்பம் அலுவலக விவாதங்களில் அடிக்கடி காணப்படுவது.

தொகுப்பு மரபும் இடைநிலை வடிவமும்

சுவீடன், நோர்வே, பின்லாந்து, நெதர்லாந்து ஆகிய நாடுகளில் இயற்கை அறிவியலிலும் மருத்துவத்திலும் கட்டுரைத் தொகுப்பே வழக்கமான வடிவமாகிவிட்டது. சில கட்டுரைகளும் அவற்றை இணைத்து விளக்கும் ஒரு பொதுப் பகுதியும் சேர்ந்து ஆய்வேடாகின்றன. இப்பொதுப் பகுதியை மேலங்கி என்று பொருள்படும் சொல்லால் சுவீடியர் அழைக்கின்றனர். அமெரிக்கப் பொருளியல் துறைகளில் மூன்று கட்டுரைகளால் ஆன ஆய்வேடு வேரூன்றியுள்ளது. கனடாவின் மக்கில் பல்கலைக்கழகம் கட்டுரை வடிவ அத்தியாயங்களை ஏற்கும்போது, ஓர் அத்தியாயத்திலிருந்து அடுத்ததற்குச் செல்லும் இணைப்புரைகளையும், ஒவ்வோர் ஆசிரியரின் பங்கையும் கூறும் அறிக்கையையும் கட்டாயமாக்குகிறது.

இங்கே ஒரு நுண்ணிய வேறுபாடு கவனிக்கத்தக்கது. அத்தியாயங்கள் கட்டுரை வடிவில் இருக்க வேண்டும் என்பது ஒரு விதி. அவை வெளியாகியிருக்க வேண்டும் என்பது வேறு விதி. முதலாவதை மட்டும் கோரும் இடைநிலை வடிவத்தில், ஆய்விதழுக்கு இன்னும் அனுப்பப்படாத கட்டுரையும் அத்தியாயமாகலாம். இரண்டாவதைக் கோரும்போது மாணவரின் பட்டம் முகம் தெரியாத இதழாசிரியர் ஒருவரின் கால அட்டவணையைச் சார்ந்ததாகிவிடுகிறது. இந்தியாவின் அனுபவம் இதற்கு ஓர் எச்சரிக்கை. அங்கு பல்கலைக்கழக மானியக் குழு 2009 விதிகளில், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்குமுன் ஒரு கட்டுரையாவது மதிப்பாய்வு இதழில் வெளியாகியிருக்க வேண்டும் எனக் கட்டாயமாக்கியது. ஆய்வேட்டின் வடிவத்தை அது மாற்றவில்லை. வெளியீட்டை மட்டுமே நிபந்தனையாக்கியது. பணம் பெற்றுக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் பெருகியதோடு இவ்விதியையும் பலர் தொடர்புபடுத்தினர். 2022 நவம்பரில் வந்த புதிய விதிகளில் அக்கட்டாயம் நீக்கப்பட்டது. வெளியீடு தரத்தின் அடையாளமாக இருக்கலாம். அதையே நுழைவாயிலாக்கினால் தரம் உயரும் என்பதற்கு உறுதி இல்லை என்றே இவ்வனுபவத்திலிருந்து கூற முடிகிறது.

கவ்வாத்து வட்டமும் பட்டக் காலமும்

மேற்கூறிய நிலைப்பாடுகள் எந்த நாட்டுக்கும் பொருந்தக்கூடியவை. மலையகத்தில் அவற்றுக்குமேல் ஒரு தனிக் காரணி சேர்கிறது. தேயிலைச் செடி குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்துச் செய்யப்படும் பயிர். அதாவது, கிளைகள் தாழ வெட்டப்பட்டு, செடி மீண்டும் துளிர்க்க விடப்படும். தாழ்நிலத்தில் இரண்டு மூன்று ஆண்டுகளில் முடியும் இவ்வட்டம், வளர்ச்சி மெதுவாக இருக்கும் நுவரெலியா, ஹட்டன் பகுதிகளில் நான்கைந்து ஆண்டுகளாக நீளும். வட்டத்தின் தொடக்கத்தில் விளைச்சல் குறைந்து, இடை ஆண்டுகளில் உயர்ந்து, இறுதியில் சரியும். ஆகவே ஓர் உரம் அல்லது ஒரு செடி வகை உண்மையில் பயன் தருகிறதா என்பதை ஓர் ஆண்டுக் கொழுந்தின் நிறையைக் கொண்டு உறுதியாகக் கூற இயலாது.

மறுபுறம், இலங்கைத் தகைமைச் சட்டகம் முழுநேரக் கலாநிதிப் படிப்புக்கு வகுத்துள்ள குறைந்தபட்சக் காலம் 3 ஆண்டுகள். பட்டத்தின் காலமும் மலையின் காலமும் பொருந்தவில்லை. கட்டுரைத் தொகுப்பை ஆதரிப்போர் இப்பொருத்தமின்மையையே தம் முதன்மை வாதமாக்கலாம். தவறணையில் கன்றுகளை வைத்துச் செய்த ஆய்வு முதல் ஆண்டிலேயே முடியும். கவ்வாத்துக்குப் பின் துளிர்க்கும் செடியில் கொப்புள நோயின் தாக்கத்தைத் தென்மேல் பருவமழைக் காலம் ஒன்றிரண்டில் அளக்கலாம். விளைச்சல் பற்றிய முழு வட்ட ஆய்வு பின்னர் வரலாம். ஒவ்வொன்றும் தன்னளவில் முழுமையான கட்டுரையாகும் தகுதி உடையது. முடிந்ததை முடிந்தபோதே வெளியிடுவதில் தோட்டங்களுக்கும் நன்மை உண்டு.

எதிர்வாதமும் அதே வட்டத்திலிருந்துதான் பிறக்கிறது. கவ்வாத்துக்குப் பிந்திய முதல் ஆண்டில் கூடுதல் தழைச்சத்து இட்ட பாத்திகள் முன்னிற்கின்றன என்று ஒரு கட்டுரை வெளியாகிவிட்டதாகக் கொள்வோம். நான்காம் ஆண்டில் மண்ணின் அமிலத்தன்மை கூடி அந்த முன்னணி மறைந்துவிட்டால், அச்சில் உள்ள முதல் கட்டுரை மாறாமல் அப்படியே நிற்கும். ஒருநூல் ஆய்வேட்டில் இரண்டும் ஒரே அத்தியாயத்தில் எடைபோடப்பட்டிருக்கும். தொகுப்பில் அவை வெவ்வேறு கட்டுரைகள். முதலாவதை மட்டும் படிக்கும் தோட்ட முகாமையாளர் அதன்படி உரம் இடவும் கூடும்.

2021 ஆம் ஆண்டு இதற்கு இன்னொரு கோணத்தைச் சேர்க்கிறது. அவ்வாண்டு இரசாயன உர இறக்குமதிக்கு விதிக்கப்பட்ட தடை சில மாதங்களில் கைவிடப்பட்டாலும், தோட்டங்களின் உரமிடல் குலைந்தது. அக்காலத்தில் வணிகத் தோட்டம் ஒன்றில் நடந்துகொண்டிருந்த எந்த நீண்டகால உர ஆய்வும் இடையூறின்றித் தொடர்ந்திருக்குமா என்பது ஐயம். இத்தகைய முறிவு நேரும்போது, அதற்கு முன் வெளியான கட்டுரை ஆய்வாளரின் கையில் உறுதியாக இருக்கும் என்பது தொகுப்பு வடிவத்துக்குச் சாதகம். முறிவையே ஆய்வுப் பொருளாக்கி, உரம் நின்றபோது செடி எவ்வாறு நடந்துகொண்டது என ஒரே வாதமாக விரித்துரைக்க நூல் வடிவமே அதிக இடம் தருகிறது.

விண்ணப்பக் கடிதம் சொல்ல வேண்டியவை

இந்தப் பின்னணியில், அனுமதி கோரும் கடிதம் எதை நிறுவ வேண்டும் என்பதை ஓர் எடுத்துக்காட்டைக் கட்டமைத்துப் பார்க்கலாம். மலைநாட்டுத் தோட்டம் ஒன்றில் தழைச்சத்தின் அளவும் கொப்புள நோயும் எவ்வாறு தொடர்புறுகின்றன என்பதை ஆராயும் மாணவர் ஒருவரிடம், ஒரு வெளியான கட்டுரையும், மதிப்பாய்வில் உள்ள ஒன்றும், எழுதப்பட வேண்டிய மூன்றாவதும் இருப்பதாகக் கொள்ளலாம். பலர் இத்தருணத்தில் எழுதும் கடிதம் கட்டுரைகளின் எண்ணிக்கையையும் இதழ்களின் பெயர்களையும் முன்வைத்து, இவ்வடிவம் உலகெங்கும் வழக்கில் உள்ளது என்று முடிகிறது. அலுவலகம் அதை மறுக்கும்போது மாணவர் வருந்துகிறார். ஆயினும் அக்கடிதம் அலுவலகத்தின் உண்மையான கேள்விக்கு விடை தருவதில்லை. இம்மூன்றும் சேர்ந்து ஒரே ஆய்வாகுமா என்பதே அக்கேள்வி.

பயனுள்ள கடிதத்தின் மையப் பத்தி ஏறத்தாழ இவ்வாறு அமையலாம்:

"மேற்படி மூன்று கட்டுரைகளும், தழைச்சத்து இடும் அளவு கொப்புள நோயின் வாய்ப்பை மாற்றுகிறதா என்ற ஒரே வினாவின் மூன்று படிகளாகும். முதற் கட்டுரை தவறணைக் கன்றுகளிலும், இரண்டாவது கவ்வாத்துக்குப் பிந்திய செடிகளிலும், மூன்றாவது முழு வட்ட விளைச்சலிலும் இதனை ஆராய்கிறது. பொது அறிமுகமும் பொதுக் கலந்துரையாடலும் புதிதாக எழுதப்படும். மூன்றாவது கட்டுரை குறித்த திகதிக்குள் வெளியாகாவிடின், அது வெளியாகாத அத்தியாயமாகவே சேர்க்கப்பட அனுமதிக்குமாறு வேண்டுவதோடு, அதுவும் இயலாதவிடத்து வழமையான வடிவிலேயே ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க உடன்படுவதாகவும் அறியத்தருகிறேன்."

இப்பத்தியின் கடைசி வாக்கியமே அலுவலகத்துக்கு மிகவும் தேவையானது. மதிப்பாய்வு எத்தனை மாதங்கள் இழுபடும் என்பதை எவராலும் முன்கூட்டிக் கூற முடியாது. மாற்று வழி எழுத்தில் இல்லாதபோது, இதழ் ஒன்றின் தாமதம் பதிவு நீடிப்புக்கும் கட்டணத்துக்கும் இட்டுச்செல்லும். கடிதத்தோடு இணைக்கப்பட வேண்டிய மற்றவை மேற்பார்வையாளரின் பரிந்துரை, இணை ஆசிரியர்களின் ஒப்பம், கட்டுரையை ஆய்வேட்டில் சேர்க்கப் பதிப்பகத்தின் அனுமதி அல்லது அதை ஏற்கும் பதிப்புரிமை விதி ஆகியன. மாணவரின் சொந்தக் கட்டுரையையே ஒப்புமை கண்டறியும் மென்பொருள் பிறர் எழுத்தாகக் காட்டும் என்பதால், எந்தெந்த அத்தியாயம் எங்கு வெளியானது என்ற குறிப்பும் முன்னதாகவே கொடுக்கப்பட வேண்டும்.

யாருடைய வேலை?

தொகுப்பு வடிவத்தின் மீதான மிகக் கடினமான ஆட்சேபம் கூட்டாசிரியம் பற்றியது. வயற்பரிசோதனை தனியாள் வேலை அன்று. பாத்திகளை அமைத்தது ஆராய்ச்சி நிறுவகமாக இருக்கலாம். நோய்த் தாக்கத்தை வாரந்தோறும் பதிந்தவர் வயல் உதவியாளராக இருக்கலாம். ஒவ்வொரு பாத்தியின் கொழுந்தையும் தனித்தனியே பறித்து நிறுத்தவர்கள் தோட்டத் தொழிலாளர்கள். கட்டுரையில் ஐந்து பெயர்கள் இருக்கும்போது பட்டம் ஒருவருக்கே வழங்கப்படுகிறது. ஒரே கட்டுரையை இரு மாணவர்கள் தத்தம் ஆய்வேட்டில் சேர்க்க முற்பட்டால் சிக்கல் இரட்டிக்கிறது.

மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு வகுத்த ஆசிரியத் தகுதி விதிகளும், பங்களிப்பை 14 வகைகளாகப் பிரித்துக் கூறும் முறையும் இங்கு உதவுகின்றன. கருத்துருவாக்கம், தரவு சேகரிப்பு, பகுப்பாய்வு, முதல் வரைவு என ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளரைப் பெயரிட்டு, அதை அனைவரும் உறுதிப்படுத்துவதே அம்முறையின் சாரம். அதன் வரம்பையும் மறக்கலாகாது. மேற்பார்வையாளரின் நிறுவகத்திலேயே வேலைவாய்ப்பை எதிர்பார்க்கும் மாணவர், தம் பங்கு குறைத்துக் கூறப்பட்ட அறிக்கையில் மறுப்பின்றிக் கையொப்பமிடக் கூடும். கொழுந்தை நிறுத்தவர்களின் உழைப்பு அந்த 14 வகைகளுக்குள் பெயரளவில் அடங்கினாலும், அவர்களின் பெயர்கள் நன்றியுரையிலும் இடம்பெறாமல் போவது நேர்மையான ஆய்வுக்கு அழகன்று.

வெளியான பிழையும் பரீட்சகரும்

இதழின் மதிப்பாய்வு முடிந்தபின் பரீட்சகருக்கு என்ன வேலை என்று சிலர் வினவுவதுண்டு. ஓர் எடுத்துக்காட்டு இதைத் தெளிவாக்கும். மூன்று உர அளவுகள், நான்கு தொகுதிகள், ஆகமொத்தம் பன்னிரண்டு பாத்திகள் கொண்ட பரிசோதனையில், பாத்திக்கு முப்பது செடிகள் அளக்கப்பட்டன எனக் கொள்ளலாம். உரம் பாத்திக்கே இடப்பட்டதால், ஒவ்வோர் அளவுக்கும் சுயாதீனமான சான்றுகள் நான்கு மட்டுமே. முப்பது செடிகளையும் தனித்தனிச் சான்றுகளாக எண்ணி, அளவுக்கு 120 எனக் கணக்கிட்டால், இல்லாத வேறுபாடும் புள்ளியியலில் இருப்பதாகத் தோன்றும். வயலாய்வில் அடிக்கடி நேரும் இப்பிழை மதிப்பாய்வைத் தாண்டியும் அச்சேறுவது உண்டு. அட்டவணையின் அடியில் உள்ள பிழைக்கான சுதந்திரப் பாகைகள், அதாவது கணிப்பு எத்தனை சுயாதீனத் தகவல்களைச் சார்ந்திருக்கிறது என்பதைக் காட்டும் எண், பாத்திகளின் தொகையைவிடப் பன்மடங்கு பெரிதாக இருந்தால் பிழையை இனங்காணலாம்.

ஒருநூல் ஆய்வேட்டில் பரீட்சகர் அத்தியாயத்தைத் திருத்தச் சொல்வார். விடயம் அதோடு முடியும். வெளியான கட்டுரையைத் திருத்த அவருக்கு அதிகாரம் இல்லை. ஆகவே கட்டுரையின் பின்னால் மறுபகுப்பாய்வைத் தனிக் குறிப்பாகச் சேர்த்து, பொதுக் கலந்துரையாடலில் அதன் விளைவை ஏற்றுக்கொள்வதே ஏற்கத்தக்க வழி. தேவையானால் இதழுக்கும் திருத்தம் அனுப்பப்பட வேண்டும். இவ்வழியை வெளிப்படையாக எழுதிவைக்காத பல்கலைக்கழகத்தில், அச்சேறிய கட்டுரை கேள்விக்கு அப்பாற்பட்டதாக ஆகிவிடும் ஆபத்து உண்டு.

மொழியும் துறையும்

இயற்கை அறிவியலுக்கு இணங்கும் வாதங்கள் மலையகம் பற்றிய சமூக ஆய்வுக்கு அதே அளவில் இணங்குவதில்லை. லயன் குடியிருப்பு, நாட்டார் வழக்காறு, தொழிற்சங்க வரலாறு முதலியவற்றைத் தமிழில் ஆராய்வோருக்கு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தின் 'சிந்தனை' போன்ற தமிழ் ஆய்விதழ்கள் சிலவே உள்ளன. வெளியான கட்டுரைகளே அத்தியாயங்களாக வேண்டும் என்ற விதி, இம்மாணவரை ஆங்கில இதழ்களை நோக்கித் தள்ளக் கூடும். அதனால் ஆய்வு தன் வாசகரைவிட்டு விலகும். வாழ்க்கை வரலாற்றுக் கூற்றுகளை நீளமாக எடுத்தாளும் ஆய்வு, கட்டுரையின் அளவுக்குள் சிதைந்துவிடும் என்பதும் கருதத்தக்கது. இத்துறைகளில் நூல் வடிவம் தொடர்வதற்கு மரபுப் பற்றைத் தவிர வேறு வலுவான நியாயங்களும் உள்ளன.

தீராதவை

கட்டுரைத் தொகுப்பால் பட்டம் பெற்றவர்களின் ஆய்வு நூல் வடிவில் பெற்றவர்களின் ஆய்வைவிடத் தரத்தில் உயர்ந்ததா தாழ்ந்ததா என்பதை, துறை வேறுபாட்டை நீக்கிப் பார்ப்பது கடினம். எத்தனை கட்டுரைகள் போதும் என்பதற்கும் கோட்பாட்டு அடிப்படையிலான விடை இல்லை. மூன்று என்பது வழக்கம் மட்டுமே. நான்கைந்து ஆண்டு வட்டம் கொண்ட பயிரில், முழு வட்டத் தரவு இல்லாத தொகுப்பை ஏற்கலாமா என்பது தேயிலை ஆய்வாளர்கள் தமக்குள் தீர்மானிக்க வேண்டியது. வட்டத்தின் எப்பகுதி அளக்கப்பட்டது என்பதை ஒவ்வொரு கட்டுரையின் தலைப்பிலேயே கூறுவது, குறைந்தபட்சம் தோட்டங்களைத் தவறான முடிவிலிருந்து காக்கும்.

இப்போதுள்ள சான்றுகளின்படி, மலையக வயலாய்வுக்கு மிகவும் பொருந்துவது இடைநிலை வடிவமே எனக் கூறலாம்: அத்தியாயங்கள் கட்டுரை வடிவில் அமையலாம், வெளியீடு நிபந்தனையாகாது, இணைப்புரையும் பங்களிப்பு அறிக்கையும் கட்டாயம். இதற்கான அனுமதி, ஆய்வின் இறுதியில் தனித்தனி விண்ணப்பங்களுக்கு அளிக்கப்படும் சலுகையாக இருப்பதைவிட, முதலாண்டு முன்னேற்ற மதிப்பீட்டின்போதே மாணவரும் மேற்பார்வையாளரும் தெரிவுசெய்யும் எழுத்துமூல விதியாக இருக்க வேண்டும். கடிதத்தை எழுத எண்ணியிருக்கும் மாணவர் மூன்றாம் ஆண்டுவரை காத்திராமல், முதல் பாத்தி அமைக்கப்படும்போதே அதை எழுதி அனுப்புவது நல்லது.